சின்ன ஃபிளாட்டில் முதல் பூனை: மண், சாப்பாடு, சீப்பு எல்லாம் எப்படிப் பார்த்து வாங்குவது

முத்து எங்கள் வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் 4,300 ரூபாய்க்குச் சாமான் வாங்கினோம். அதில் இன்றுவரை பயன்படுவது ஒரு ஸ்கூப்பும் ஒரு சீப்பும் மட்டும்தான். பூனை கழிக்க வைக்கும் மூடி போட்ட ட்ரே, அதில் கொட்டும் லாவெண்டர் வாசனை மண், 7 கிலோ உணவு மூட்டை, ஷாம்பு, பவுடர் எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே போய்விட்டன. அதற்குள் முத்து எங்கள் மெத்தையில் மூன்று முறை சிறுநீர் கழித்திருந்தான்.

நாங்கள் இருப்பது சென்னை மடிப்பாக்கத்தில், மூன்றாவது மாடியில், 480 சதுர அடி ஃபிளாட். ஒரு படுக்கையறை, ஒரு ஹால், ஒரு பாத்ரூம், ஆள் நின்றால் நிறைந்துவிடும் பால்கனி. முத்து குட்டை முடி நாட்டுப் பூனை. நான்கு மாதக் குட்டியாக வந்தான், இப்போது நான்கு கிலோ. இதே போன்ற வீட்டில் முதல் முறையாகப் பூனை வளர்க்கப் போகிறவர்களுக்காக, என்ன வாங்க வேண்டும், எந்த வரிசையில் வாங்க வேண்டும் என்று எழுதுகிறேன். விலைகள் எல்லாம் நான் கொடுத்தவை. உங்கள் ஊரில் கொஞ்சம் முன்பின் இருக்கும்.

1. கடைக்குப் போகும் முன் ட்ரேக்கு இடம் பாருங்கள்

எல்லாரும் முதலில் பாத்ரூமைத்தான் நினைப்பார்கள். நாங்களும் அங்கேதான் வைத்தோம். நம் பாத்ரூம்களில் பக்கெட்டில் தண்ணீர் மொண்டு குளிப்பதால் நாலா பக்கமும் தெறிக்கும். பூனை மண்ணில் தண்ணீர் பட்டால் அது களியாகிவிடும். களியான மண்ணில் பூனை கால் வைக்காது. அதோடு, யாராவது உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுவிட்டால் அதற்குப் போக இடமில்லை.

பால்கனியும் வேண்டாம். மழைச் சாரல் அடிக்கும், மதியம் வெயில் கொளுத்தும், புறா வரும். வலை போடாத பால்கனிக்குப் பூனையை விடவே கூடாது. வாஷிங் மெஷின் பக்கத்திலும் வைக்காதீர்கள். துணி பிழியும்போது வரும் சத்தத்தில் ஒரு முறை பயந்துவிட்டால் அந்த ட்ரே பக்கமே வராது.

எங்களுக்குச் சரிப்பட்டது ஹாலில் செருப்பு ஸ்டாண்டுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த மூலைதான். ஆள் நடமாட்டம் குறைவு, தண்ணீர் படாது, கதவு மூடாது, ஃபேன் காற்று எட்டும். வீட்டுக்குள் நுழைந்ததும் ட்ரே கண்ணில் படுகிறதே என்று முதலில் சங்கடமாக இருந்தது. ஆனால் கண்ணில் படும் இடத்தில் இருப்பதால்தான் தவறாமல் அள்ளுகிறோம். சாப்பாட்டுக் கிண்ணத்தையும் தண்ணீரையும் ட்ரேயிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள். கழிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் சாப்பிடப் பூனைக்குப் பிடிக்காது.

2. ட்ரே: பெரியதாக, மூடி இல்லாமல்

மூடி போட்ட ட்ரேயைக் கடையில் காட்டும்போது, சின்ன வீட்டுக்கு நாற்றம் வராது என்று சொல்லி விற்பார்கள். நாற்றம் வெளியே வராமல் உள்ளேயே தங்கும், அவ்வளவுதான். அதற்குள் நுழைய வேண்டியது பூனை. நம்மைவிடப் பல மடங்கு மோப்பம் உள்ள பிராணி அது. மூடியிருப்பதால் நாமும் அள்ள மறந்துவிடுகிறோம்.

நல்ல ட்ரே என்பது பூனையின் மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை அளந்து, அதைப் போல ஒன்றரை மடங்கு நீளம் இருக்க வேண்டும். கடையில் பூனை ட்ரே என்று விற்பவற்றில் பல, வளர்ந்த பூனைக்குச் சின்னவை. நாங்கள் பாத்திரக் கடைக்குப் போய், போர்வை அடுக்கி வைக்கும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை 350 ரூபாய்க்கு வாங்கினோம். ஒரு பக்கச் சுவரில் மட்டும் சூடான கத்தியால் வாசல் போல வெட்டி, ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்துவிட்டோம். மற்ற மூன்று சுவரும் உயரமாக இருப்பதால் மண் வெளியே பறப்பது பாதிக்கு மேல் குறைந்தது. மீதியைப் பிடிக்க வாசல் முன்னால் ஒரு தேங்காய்நார் மிதியடி போதும்.

ஒரு பூனைக்கு இரண்டு ட்ரே வைப்பதுதான் நல்லது என்று டாக்டர்கள் சொல்வார்கள். 480 சதுர அடியில் இரண்டாவதற்கு எங்களுக்கு இடம் கிடைக்கவில்லை. ஒன்றுதான் என்றால், ஒரு நாளைக்கு ஒரு முறை அள்ளுவது போதாது, இரண்டு முறை அள்ள வேண்டும். இதில் சமரசமே கிடையாது.

3. மண்: வாசனை இல்லாத, பொடியான பென்டோனைட்

கடையில் நான்கைந்து வகை இருக்கும். பென்டோனைட் என்பது ஒரு வகைக் களிமண். ஈரம் பட்டதும் இறுகிக் கட்டியாகிவிடும், அந்தக் கட்டியை மட்டும் அள்ளிப் போட்டுவிடலாம். டோஃபு என்று விற்பது சோயா சக்கையில் செய்த மெல்லிய குச்சிகள். எடை குறைவு, தூசி குறைவு, விலை கூடுதல். சென்னை ஈரக்காற்றில் பையைத் திறந்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும், பூச்சியும் வரும். மர உருளைகள் ஈரம் பட்டதும் மரத்தூளாக உதிரும், சலித்து எடுக்க வேண்டும். சிலிக்கா கண்ணாடிக் கல் போல இருக்கும். சிறுநீரை உறிஞ்சிக்கொள்ளும், ஆனால் கட்டி கட்டாது.

வீடு கட்டும் இடத்திலிருந்து ஒரு சாக்கு மணல் கொண்டுவந்தால் செலவில்லையே என்று என் அப்பா சொன்னார். அதையும் செய்து பார்த்தோம். சிறுநீர் மணலில் நிற்காமல் அடியில் போய்த் தேங்குகிறது. மூன்றாம் நாள் வீட்டுக்குள் கண் எரியும் அளவுக்கு அம்மோனியா நெடி. மொத்தத்தையும் கீழே தூக்கிக்கொண்டு போய்க் கொட்ட வேண்டி வந்தது.

வளர்ந்த பூனைக்கு நான் சொல்வது பென்டோனைட்தான். அதில் இரண்டு விஷயம் பாருங்கள். முதலாவது, வாசனை கூடாது. லாவெண்டர், எலுமிச்சை எல்லாம் வாங்குகிற நமக்காகப் போடுவது. முத்து மெத்தைக்குப் போனதே அந்த வாசனை மண் வந்த இரண்டாம் நாளிலிருந்துதான். வாசனை இல்லாத மண்ணுக்கு மாற்றிய அன்றே ட்ரேக்குத் திரும்பிவிட்டான். இரண்டாவது, துகள் பொடியாக, ரவையைவிடக் கொஞ்சம் பெரியதாக இருக்கட்டும். பெரிய குண்டுகள் பாதத்தில் குத்தும்.

மூன்று மாதத்துக்கு உட்பட்ட குட்டியென்றால் கட்டி கட்டும் மண் வேண்டாம். அந்த வயதில் எதையும் வாயில் போட்டுப் பார்க்கும், வயிற்றுக்குள் போய்க் கட்டிவிட்டால் சிக்கல். அதுவரை மர உருளையோ காகித உருளையோ போடுங்கள்.

முதல் முறை ட்ரேக்கு வேண்டிய அளவுக்கு மேல் ஒரே வகையில் வாங்காதீர்கள். ஒரு தம்ளர் மண்ணில் கால் தம்ளர் தண்ணீரை ஊற்றி ஐந்து நிமிடம் கழித்து ஸ்கூப்பால் தூக்கிப் பாருங்கள். உடையாமல் வந்தால் நல்ல மண். சேறாக வழிந்தால் அந்தப் பிராண்டை விட்டுவிடுங்கள். மண்ணை மாற்ற வேண்டி வந்தால் பழையதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஒரு வாரத்தில் மாற்றுங்கள்.

4. எவ்வளவு கொட்டுவது, எப்படி அள்ளுவது

இங்கேதான் புதியவர்கள் பலரும் தப்புச் செய்கிறார்கள். விலையைப் பார்த்து மண்ணைத் தூவுவது போலப் போடுவோம். ஆழம் குறைந்தது 5 சென்டிமீட்டர், அதாவது இரண்டு அங்குலம் இருக்க வேண்டும். எங்கள் ட்ரேயில் அந்த அளவுக்குக் கொட்ட சுமார் 8 கிலோ பிடித்தது. ஒரு 5 கிலோ பையை மட்டும் கொட்டியபோது மூன்று சென்டிமீட்டர்தான் வந்தது. அப்போது சிறுநீர் அடிவரை இறங்கி, பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டது. சுரண்டி எடுக்கும்போது கட்டி உடைந்து, உடைந்த துணுக்குகள் நல்ல மண்ணில் கலந்து, மொத்தமும் நாறியது. ஆழமாகப் போட்டால் கட்டி நடுவிலேயே நிற்கும், முழுசாக வரும். மண்ணும் அதிக நாள் வரும்.

காலையில் ஒரு முறை, இரவு படுக்கும் முன் ஒரு முறை அள்ளுகிறேன். தினமும் குறையும் அளவை ஈடுகட்ட மேலே ஒரு தம்ளர், ஒன்றரைத் தம்ளர் புது மண். ஐந்தாறு வாரத்துக்கு ஒரு முறை முழுதையும் கொட்டி, ட்ரேயைச் சோப்பும் வெந்நீரும் விட்டுக் கழுவி வெயிலில் காயவைக்கிறேன். வாசனை இல்லாத பென்டோனைட் பத்து கிலோ எங்களுக்கு 700 ரூபாய் ஆகிறது. பையைப் பிரித்ததும் மூடியுள்ள வாளியில் கொட்டி வையுங்கள். ஈரக்காற்றில் திறந்து கிடந்தால் மண் பாதி வேலை செய்வதில்லை.

ட்ரேயைப் பினாயில் ஊற்றிக் கழுவாதீர்கள். பினாயிலிலும் அதே ரக டெட்டாலிலும் உள்ள ரசாயனத்தை உடைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் கல்லீரலுக்கு இல்லை. பாதத்தில் ஒட்டியதை நக்கினால் உள்ளே போய்விடும். வீட்டுத் தரை துடைக்கவும் அதை நிறுத்திவிட்டோம். பிளீச்சிங் பவுடரும் வேண்டாம். சிறுநீரின் அம்மோனியாவோடு சேர்ந்தால் நமக்கே மூச்சை அடைக்கும் வாயு வரும்.

அள்ளியதைக் கழிப்பறையில் போட்டு ஃபிளஷ் செய்யவே கூடாது. தண்ணீரில் ஊறி இறுகுவதுதான் அந்த மண்ணின் குணம். குழாய்க்குள்ளும் அதையே செய்யும், அடைத்துக்கொண்டால் கீழ்வீட்டுக்காரர்களுக்கும் சேர்த்துத் தொல்லை. செய்தித்தாளில் பொதிந்து ஒரு தனிப் பையில் கட்டி, மக்கும் குப்பையோடு சேர்க்காமல், இன்னது என்று சொல்லித் தூய்மைப் பணியாளரிடம் கொடுங்கள். அவர் வெறுங்கையால் பிரித்துப் பார்க்கும் நிலைமை வரக் கூடாது.

வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அள்ளும் வேலையை வேறொருவர் செய்யட்டும். பூனை மலத்தில் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி இருக்க வாய்ப்புண்டு. அது வெளியே வந்து ஒரு நாளாவது கழிந்த பிறகுதான் தொற்றும் நிலைக்கு வரும். தினமும் அள்ளச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

5. கட்டிகளை எண்ணுங்கள்

கட்டி கட்டும் மண்ணையே நான் வலியுறுத்துவதற்கு உண்மையான காரணம் இதுதான். வளர்ந்த பூனை ஒரு நாளைக்கு இரண்டு முதல் நான்கு முறை சிறுநீர் கழிக்கும். முத்துவுக்குத் தினமும் மூன்று கட்டி, ஒவ்வொன்றும் பெரிய எலுமிச்சம்பழ அளவு. அள்ளும்போது கை தானாகவே எண்ணிவிடும்.

அவனுக்கு இரண்டு வயது இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அள்ளப் போனேன். எலுமிச்சம்பழம் ஒன்றுகூட இல்லை. கொண்டைக்கடலை அளவில் ஐந்தாறு துணுக்குகள் மட்டும். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முத்து வந்து உட்கார்ந்தான், முக்கினான், எழுந்து போனான், இரண்டு நிமிடத்தில் திரும்ப வந்து உட்கார்ந்தான். மலச்சிக்கல் போலிருக்கிறது, நாளைக்குப் பார்க்கலாம் என்றார் கணவர். எனக்கு மனசு கேட்கவில்லை. ஆட்டோ பிடித்துக் கொண்டுபோனோம்.

டாக்டர் வயிற்றைத் தொட்டதும் முகம் மாறிவிட்டது. சிறுநீர்ப்பை கல் மாதிரி இறுகியிருந்தது. ஆண் பூனைக்குச் சிறுநீர்க் குழாய் மிகவும் குறுகல். அதில் படிகமும் சளியும் சேர்ந்து அடைத்துக்கொண்டால், ஒன்றிரண்டு நாளில் ரத்தத்தில் விஷம் ஏறி உயிரே போய்விடும். "கடைசியா எப்போ நல்லா யூரின் போனான்?" என்று கேட்டார். "நேத்து ராத்திரி ஒன்பதரைக்கு அள்ளினேன் டாக்டர், அப்போ பெரிய கட்டி இருந்துச்சு" என்று சொல்ல முடிந்தது. குழாய் செருகி அடைப்பை எடுத்து, மூன்று நாள் வைத்திருந்து அனுப்பினார்.

மணலோ சிலிக்காவோ போட்டிருந்தால் எனக்கு அது தெரிந்திருக்காது. உங்கள் பூனை ஆணாக இருந்து, அடிக்கடி ட்ரேக்குப் போய் ஒன்றும் வராமல் திரும்பினால், இரவு இரண்டு மணியானாலும் கிளம்புங்கள். கட்டி திடீரென்று பெரிதாகி எண்ணிக்கையும் கூடினால் அது வேறு விஷயம். சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ ஆரம்பமாகலாம், அந்த வாரத்துக்குள் காட்டுங்கள். ட்ரேயை விட்டு வேறெங்காவது போக ஆரம்பித்தாலும் அதட்டுவதற்கு முன்னால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

6. சாப்பாடு: பையின் பின்பக்கத்தைப் படியுங்கள்

முன்பக்கத்தில் மீன் படமும் கேரட் படமும் இருக்கும். அதை விட்டுவிட்டுத் திருப்பிப் பாருங்கள். 'கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு' என்று போட்டிருக்க வேண்டும். அதை மட்டுமே சாப்பிட்டாலும் பூனைக்கு வேண்டிய எல்லாச் சத்தும் கிடைக்கும் என்பது அதன் பொருள். 'காம்ப்ளிமென்ட்டரி' என்று போட்டிருந்தால் அது கூடுதலாகக் கொடுக்கும் தீனி, அதையே முழுச் சாப்பாடாக வைக்கக் கூடாது. பார்க்க ஒரே மாதிரி இருக்கும் பவுச்சுகளில் இரண்டு வகையும் கலந்திருக்கும். நாங்கள் ஒரு மாதம் தெரியாமல் இரண்டாவது வகையைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

அடுத்து வயது. ஒரு வயதுவரை குட்டிகளுக்கான உணவு, அதன் பிறகு பெரிய பூனைக்கானது. அப்புறம் காலாவதித் தேதி. சில கடைகளில் பெரிய மூட்டையைப் பிரித்து, கிலோ கணக்கில் சாதாரணக் கவரில் கட்டி லூஸாக விற்பார்கள். விலை குறைவுதான். ஆனால் எந்தப் பிராண்ட், எப்போது பிரித்தது, எப்போது கெடும், எதுவுமே தெரியாது. அதில் உள்ள கொழுப்பு காற்றுப் பட்டுச் சிக்கு வாடை அடித்தால் பூனை சாப்பிடாது, சாப்பிட்டால் வாந்தி. நாங்கள் ஆசைப்பட்டு வாங்கிய 7 கிலோ மூட்டைக்கும் அதே கதி. திறந்த பை நம் ஊரில் ஒரு மாதம், மிஞ்சினால் ஆறு வாரம்தான் தாங்கும். ஒன்றரைக் கிலோவுக்கு மேல் ஒரு பூனைக்கு வேண்டாம். பையோடு அப்படியே ஒரு டப்பாவில் வைத்து மூடுங்கள். உணவை மட்டும் டப்பாவில் கொட்டிவிட்டுப் பையைத் தூக்கிப் போட்டால் தேதியும் பேட்ச் எண்ணும் போய்விடும்.

நம் வீட்டுப் பெரியவர்கள் பால் சோறும் கருவாடும் போட்டே பூனை வளர்த்தார்கள் என்பது உண்மை. அந்தப் பூனைகள் எலியும் பல்லியும் பிடித்து மீதிச் சத்தைத் தாங்களே தேடிக்கொண்டன. மூன்றாவது மாடியில் அடைந்திருக்கும் பூனைக்கு நாம் வைப்பது மட்டும்தான். டாரின் என்ற சத்து இறைச்சியில்தான் கிடைக்கும், பூனையின் உடம்பால் அதைத் தேவையான அளவு தானே உண்டாக்கிக்கொள்ள முடியாது. அது குறைந்தால் கண் பார்வையும் இதயமும் கெடும். கோழியை வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் டாரினில் ஒரு பங்கு அதோடு போய்விடும். எலும்பில்லாத கறி மட்டுமே கொடுத்தால் கால்சியமும் இருக்காது. பால் பெரும்பாலான பெரிய பூனைகளுக்கு வயிற்றுப்போக்கு கொடுக்கும், கருவாட்டில் உப்பு அதிகம். பச்சை மீனையே தினம் கொடுத்தால் பி1 வைட்டமின் அழிந்து தள்ளாட ஆரம்பிக்கும். வெங்காயம், பூண்டு சேர்ந்த குழம்புக் கறி ரத்தத்தைக் கெடுக்கும், ஒரு துண்டுகூட வேண்டாம். ஆசைக்கு என்றால் உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த கோழி இரண்டு சின்னத் துண்டு போதும்.

7. தராசு வைத்து அளந்து போடுங்கள்

கிண்ணம் நிறையக் கொட்டி வைத்தால் வீட்டுக்குள்ளேயே இருக்கும் பூனை குண்டாகும். கருத்தடை செய்த பிறகு இன்னும் சீக்கிரம் குண்டாகும். நான்கு கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த வீட்டுப் பூனைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 200 முதல் 240 கலோரி வேண்டும். உலர் உணவில் 100 கிராமுக்கு எத்தனை கலோரி என்று பல பைகளில் போட்டிருக்கும். நாங்கள் வாங்குவதில் 380. ஆக, உலர் உணவு மட்டும் என்றால் 60 கிராம். பார்த்தால் ஒரு சின்ன கைப்பிடிதான். இதுவா போதும் என்று தோன்றும், போதும்.

அடைப்பு வந்த பிறகு ஈர உணவும் சேர்க்கச் சொன்னார் டாக்டர். பூனைக்குத் தாகம் குறைவு, தண்ணீர் தேடிக் குடிக்காது. உலர் உணவில் பத்தில் ஒரு பங்குகூடத் தண்ணீர் இருக்காது, பவுச்சில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். முழுக்கப் பவுச் என்றால் எங்கள் பட்ஜெட் தாங்காது. அதனால் இப்படிப் பிரித்துக்கொண்டோம்: தினம் 50 கிராம் உலர் உணவு, அதை மூன்று வேளையாக. இரவு மட்டும் 85 கிராம் பவுச்சில் பாதி, அதில் இரண்டு ஸ்பூன் வெதுவெதுப்பான தண்ணீர் கலந்து. மீதிப் பாதி மூடி ஃபிரிட்ஜில், மறுநாள் இரவுக்கு. மாதம் ஒன்றரைக் கிலோ உலர் உணவு 600 ரூபாய், பதினைந்து பவுச் 675 ரூபாய். வீட்டில் மூன்று இடத்தில் அகலமான கிண்ணத்தில் தண்ணீர். பிளாஸ்டிக் வேண்டாம், எவர்சில்வரோ பீங்கானோ வையுங்கள்.

உணவை மாற்றும்போது புதியது கால் பங்கு, பழையது முக்கால் என்று ஆரம்பித்துப் பத்து நாளில் மாற்றுங்கள். பிடிக்கவில்லையென்றால் பட்டினி போட்டால் வழிக்கு வரும் என்று சிலர் சொல்வார்கள். நாய்க்குச் செல்லுபடியாகலாம், பூனைக்குச் செய்யாதீர்கள். இரண்டு மூன்று நாள் சாப்பிடாத பூனைக்கு, குறிப்பாகக் குண்டுப் பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு படிந்துவிடும். ஒரு நாள் முழுக்க ஒன்றும் தொடவில்லை என்றாலே டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.

8. சீப்பு, நகவெட்டி, தேங்காய்நார்: இந்த மூன்று போதும்

குட்டை முடிப் பூனைக்கு ஷாம்பு வேண்டாம். அது நாள் முழுக்கத் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். எண்ணெயிலோ சாக்கடையிலோ விழுந்தால் தவிரக் குளிப்பாட்ட அவசியமில்லை. பவுடர் போட்டால் அதையும் நக்கி விழுங்கும்.

வாங்க வேண்டியது நெருக்கமான பல்லுள்ள ஒரு உலோகச் சீப்பு, 200 ரூபாய். வாரம் இரண்டு முறை, கழுத்திலிருந்து வால் பக்கமாக. பெர்ஷியன் மாதிரி நீள முடி என்றால் தினமும் சீவ வேண்டும், இல்லாவிட்டால் அக்குளிலும் வயிற்றிலும் சடை விழுந்து தோல் புண்ணாகும். சீவும்போது சீப்பில் மிளகுத்தூள் மாதிரி கறுப்பாக ஏதாவது வந்தால், நனைத்த வெள்ளை டிஷ்யூவில் தட்டுங்கள். சுற்றிலும் செம்பழுப்பாகக் கசிந்தால் அது தெள்ளுப்பூச்சியின் எச்சம், பூனையின் ரத்தம்தான். கசியாவிட்டால் வெறும் அழுக்கு.

நகவெட்டி 150 ரூபாய். முத்து தூங்கி வழியும் நேரம் பார்த்து, ஒரு இரவுக்கு ஒரு கால் மட்டும். விரலை மெல்ல அழுத்தினால் நகம் வெளியே வரும். உள்ளே ரோஜா நிறத்தில் தெரிவது ரத்த நாளம், அதைத் தொடாமல் நுனியில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மட்டும் வெட்டுங்கள். மூன்று வாரத்துக்கு ஒரு சுற்று.

சோபாவைக் காப்பாற்ற, பழைய மேசைக் கால் ஒன்றில் தேங்காய்நார்க் கயிற்றை நெருக்கமாகச் சுற்றி, கனமான பலகையில் ஆணியடித்து நிறுத்தினோம். பூனை பின்னங்காலில் நின்று முழுசாக உடம்பை நீட்டும் உயரம் வேண்டும், எங்களுடையது 85 சென்டிமீட்டர். கடையில் வாங்கிய குட்டையான கம்பத்தை முத்து ஒரு முறைகூடத் தொடவில்லை. ஆடினாலும் தொடாது.

9. நாய்க்கான தெள்ளு மருந்தைத் தொடாதீர்கள்

இந்த ஒன்றுக்காகவே இதை எழுத ஆரம்பித்தேன். முத்துவுக்குத் தெள்ளு வந்தபோது ஒரு கடையில், கழுத்தில் விடும் சொட்டு மருந்து ஒன்றைக் கொடுத்து, "நாய்க்குரியதுதான், பாதி விட்டால் பூனைக்குச் சரியாயிடும்" என்றார்கள். வீட்டுக்கு வந்து பெட்டியில் இருந்த எழுத்தைப் படித்தேன். பெர்மெத்ரின் என்று இருந்தது. நாய்க்கு அது ஒன்றும் செய்யாது. பூனையால் அதை உடைத்து வெளியேற்ற முடியாது. சில மணி நேரத்தில் எச்சில் வடியும், காது துடிக்கும், உடம்பு நடுங்கும், வலிப்பு வரும், இறந்தும் போகும். பாதி அளவு, கால் அளவு என்ற கணக்கே இதில் இல்லை. பெட்டியில் பூனைக்கு என்று எழுதியிருக்காவிட்டால் வாங்காதீர்கள். எந்த மருந்தையும் டாக்டர் எழுதிக் கொடுத்து, பூனையின் எடைக்கு ஏற்ற அளவில்தான் போட வேண்டும்.

யாராவது ஏற்கெனவே விட்டுவிட்டார்கள் என்றால், பூனை நிதானமாக இருக்கும்போதே பாத்திரம் கழுவும் திரவச் சோப்பு கொஞ்சம் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் அந்த இடத்தைக் கழுவி, துண்டில் சுற்றி உடனே கொண்டு போங்கள். மருந்துப் பெட்டியைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். நடுக்கம் தொடங்கிவிட்டால் கழுவுவதில் நேரம் போக்காமல் கிளம்புங்கள்.

இதே வரிசையில் இன்னும் சில: கற்பூரம், அந்துருண்டை, டீ ட்ரீ எண்ணெய். காய்ச்சலுக்கு நாம் போடும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொன்றுவிடும்.

10. முதல் முறை டாக்டரிடம் போகும்போது கையில் என்ன இருக்க வேண்டும்

பூனை வந்த முதல் வாரத்திலேயே ஒரு முறை காட்டிவிடுங்கள். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் குறைந்த செலவில் பார்க்கலாம், காலையிலேயே போய்விட்டால் நல்லது. தத்துக் கொடுத்தவர்களிடம் தடுப்பூசி அட்டை இருந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் புதிதாக எழுதித் தருவார்கள், ஒவ்வொரு முறையும் எடையை அதில் குறிக்கச் சொல்லுங்கள். உணவின் அளவும் தெள்ளு மருந்தின் அளவும் அந்த எடையை வைத்துத்தான். உணவுப் பையின் பின்பக்கம், பேட்ச் எண், காலாவதித் தேதி, மண் பையின் முன்பக்கம் இவற்றைப் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். என்ன சாப்பாடு கொடுக்கிறீர்கள் என்று அவர் கேட்டால் காட்டலாம்.

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு மாதக் காலண்டர் ஒட்டியிருக்கிறது. தினமும் இரவு அள்ளியதும் அன்றைய கட்டி எண்ணிக்கையை அதில் எழுதுகிறோம்: 3, 3, 2, 3. அடைப்பு வந்த பிறகு டாக்டரிடம் போகும்போதெல்லாம் முதலில் அவர் கேட்பது அந்தத் தாளைத்தான்.